ஓட்டல் ரூமில் புகை வாடை, ஈர வாடை: பணத்தைத் திருப்பிக் கேட்டு மேனேஜருக்கு எழுதும் கடிதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் பதினொரு வருஷம் இருந்தேன். இப்போது ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். அமாவாசை முடிந்த மறுநாள் கடைக்கு வருகிறவர்களில் ஒருவராவது ரூம் வாடையைப் பற்றிக் கடிதம் எழுதித் தரச் சொல்வார். கேட்கிற சந்தேகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே தொகுத்துவிட்டேன்.

அண்ணே, ரூம்ல சிகரெட் வாடை, சுவரெல்லாம் ஈர வாடை. இதுக்கெல்லாம் போய் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு தருகிற சேவை, தரவேண்டிய தரத்தில் இல்லாவிட்டால் அதற்குச் 'சேவைக் குறைபாடு' என்று பெயர். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஓட்டல் அறைக்கும் பொருந்தும். தூங்குவதற்காக வாங்கிய அறையில் தூங்க முடியவில்லை என்றால் அது குறைபாடுதான்.

அந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை என்று அதில் இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். கடிதத்தில் தேதி சரியாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடல் ஓரம்னா ஈரம் இருக்கத்தான் செய்யும்னு மேனேஜர் சொல்றாரு. அதுவும் நியாயம்தானே?

பாதி நியாயம். பாம்பனைத் தாண்டிவிட்டால் காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை மாசம் வரைக்கும் கட்டடங்கள் முழுசாகக் காயாது. படுக்கை விரிப்பு லேசாகப் பிசுபிசுக்கும், அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை வரும். இதற்குப் பணம் கேட்டால் நியாயமாக இருக்காது. ஃபேனும் ஏசியும் ஒரு மணி நேரம் ஓடினால் இந்த ஈரம் போய்விடும்.

சுவருக்குள் ஏறிய ஓதம் வேறு. ஏசி எவ்வளவு ஓடினாலும் அது போகாது. கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டி, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து வந்தால் சுவர் உப்புப் பூத்திருக்கிறது என்று அர்த்தம். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் அடித்து மூடினாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஓதம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தால் அஸ்திவாரத்திலிருந்து வருகிறது. பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் மட்டும் திட்டாக இருந்தால் பெரும்பாலும் குழாய்க் கசிவு. கூரை மூலையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் இறங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. இந்த மூன்றுமே பராமரிப்பில்லாத கட்டடத்தின் குறை. கடல் மேல் பழி போட முடியாது.

கடிதத்தில் "ஈரமாக இருந்தது" என்று எழுதினால் மேலே சொன்ன பதில்தான் வரும். "தலைமாட்டுச் சுவரில் இரண்டு அடி உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தது" என்று எழுதினால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

வாடைக்கு என்னத்த ஆதாரம் காட்டுறது? போட்டோல மணக்குமா?

மணக்காது. ஆனால் வாடை வருகிற இடத்தைப் போட்டோவில் காட்டலாம். சிகரெட் புகை திரைச்சீலை, மெத்தை, ஏசி என்று மூன்று இடத்தில் தங்கும். ஏசியின் முன் மூடியில் இருக்கும் தகடை வெள்ளை டிஷ்யூவை நனைத்துத் துடையுங்கள். வெறும் தூசி சாம்பல் நிறத்தில் வரும். நாள்பட்ட சிகரெட் கறை மஞ்சளும் பழுப்புமாக, கொஞ்சம் பசையாக வரும். அந்த டிஷ்யூவை ரூம் சாவியின் எண் பட்டையோடு சேர்த்து வைத்துப் போட்டோ எடுங்கள். ஜன்னல் விளிம்பில் தீ சுட்ட தழும்பு, பாத்ரூம் வென்டிலேட்டரில் துண்டு சிகரெட் என்று ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ரூம் ஃப்ரெஷ்னர் அடித்த அறையில் முதலில் ஒன்றும் தெரியாது. ஏசி போட்டுப் பத்து, பதினைந்து நிமிஷத்தில், உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கு நனைந்து வாடை கிளம்பும். அதனால் ஏசியைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று, பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப உள்ளே வாருங்கள். உள்ளேயே உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் நேரம்தான். ரூமுக்குள் போன அரை மணிக்குள் ரிசப்ஷன் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் "அறை 204, புகை வாடையும் சுவர் ஓதமும் இருக்கிறது, வேறு அறை தரவும்" என்று அனுப்பி, இரண்டு போட்டோவையும் இணைத்துவிடுங்கள். நான் ரிசப்ஷனில் இருந்த காலத்தில் காலி செய்யும்போது வருகிற புகாரை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். வந்து அரை மணிக்குள் வருகிற புகாருக்கு எங்களிடம் பதில் இருக்காது.

நாங்க வாயால சொன்னோம். ரூம் பாய் வந்து ஸ்ப்ரே அடிச்சிட்டுப் போனாரு, அவ்வளவுதான். மெசேஜ் எதுவும் போடல. இப்ப எழுதினா எடுபடுமா?

எடுபடும், கொஞ்சம் பலம் குறையும். ரூம் பாய் வந்து ஸ்ப்ரே அடித்ததே நீங்கள் புகார் சொன்னதற்கு அடையாளம். எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார் என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். போனில் ரிசப்ஷனைக் கூப்பிட்டிருந்தால் கால் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூட வந்தவர்கள் அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ரூம் ஒரே நாத்தம்" என்று போட்டிருந்தால் அதுவும் உதவும்.

ராத்திரி அங்கதான் படுத்தோம். முழுப் பணமும் கேட்கலாமா, பாதி கேட்கணுமா?

தங்கிய இரவுக்கு முழுப் பணம் கேட்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். கட்டில், பாத்ரூம், தண்ணீர், பூட்டு எல்லாம் பயன்பட்டிருக்கிறது. முழுசும் கேட்டால் மேனேஜர் மொத்தத்தையும் மறுக்க அதுவே காரணமாகிவிடும். தங்காமல் காலி செய்த இரவுக்கு முழுசும், தங்கிய இரவுக்குப் பாதியும் கேளுங்கள். போய்ப் பார்த்தவுடனேயே வெளியேறி வேறு இடத்தில் தங்கியிருந்தால் முழுப் பணத்தையும் கேட்கலாம். வேறு இடத்தில் கொடுத்த பில்லையும் இணையுங்கள்.

கணக்கை ஜிஎஸ்டியோடு போடுங்கள். 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22இலிருந்து வரி 5 சதவீதம். ஒரு இரவு வாடகை 2,400 என்றால் வரி 120, ஆக 2,520. வாடகையைத் திருப்பித் தரும்போது அந்தப் பங்கு வரியும் சேர்ந்துதான் வரவேண்டும். பலர் 2,400ஐ மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

ஒரு கடிதம் எழுதிக் காட்டுங்கண்ணே, அதைப் பார்த்து நாங்க எழுதிக்கிறோம்.

திருச்சியிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு தை அமாவாசைக்கு வந்த ஒருவர், இரண்டு பக்கம் கையால் எழுதிக் கொண்டுவந்தார். "எங்களை மனுஷனாகவே மதிக்கவில்லை", "புண்ணிய பூமியில் இப்படி ஒரு கொள்ளையா" என்றெல்லாம் இருந்தது. அவருடைய வேதனை உண்மை. அம்மா ராத்திரி முழுக்க இருமியிருக்கிறார். ஆனால் இரண்டு பக்கத்தில் அறை எண் ஒரே ஒரு இடத்தில், அதுவும் கடைசி வரியில் இருந்தது. எவ்வளவு பணம் வேண்டும் என்பது எங்குமே இல்லை. உட்கார்ந்து இருவரும் இப்படி மாற்றினோம்:

பெறுநர்: மேலாளர் அவர்கள், (விடுதியின் பெயர்), இராமேஸ்வரம்.

பொருள்: அறை எண் 204, 17.01.2026 – புகை வாடை மற்றும் சுவர் ஓதம் – ரூ.3,780 திருப்பித் தரக் கோருதல்.

ஐயா, 17.01.2026, 18.01.2026 ஆகிய இரண்டு இரவுகளுக்கு அறை எண் 204ஐப் பதிவு செய்து, ஜிஎஸ்டி உட்பட ரூ.5,040 முன்பணமாகச் செலுத்தினேன். பில் நகல் இணைத்துள்ளேன். புகைபிடிக்காதவர்களுக்கான அறை என்று பதிவின்போது தெரிவிக்கப்பட்டது.

17ஆம் தேதி மாலை 4.00 மணிக்கு அறைக்குள் சென்றோம். ஏசி போட்டதும் கடுமையான சிகரெட் வாடை வந்தது. தலைமாட்டுச் சுவரில் இரண்டு அடி உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தது. 4.20க்கு வரவேற்பறை எண்ணுக்குப் படங்களுடன் செய்தி அனுப்பினேன். 4.50க்கு ஊழியர் வந்து வாசனைத் தெளிப்பான் அடித்தார். ஏழு மணிக்குள் வாடை திரும்பவும் வந்தது. வேறு அறை கேட்டபோது அனைத்தும் நிரம்பிவிட்டதாகக் கூறினார்கள்.

68 வயதான என் தாயார் இருமல் காரணமாக இரவு முழுவதும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனவே மறுநாள் காலை 7.15க்கு அறையைக் காலி செய்தோம். இரண்டாம் இரவு தங்கவில்லை.

தங்காத இரவுக்கு ரூ.2,520, தங்கிய இரவுக்குப் பாதியாக ரூ.1,260, ஆக மொத்தம் ரூ.3,780ஐ நான் பணம் செலுத்திய கணக்கிலேயே 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: பில், நான்கு படங்கள், செய்திகளின் நகல்.

இவ்வளவுதான், ஒரே பக்கம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்ற ஒரு வரி போதும், படிக்கிறவருக்கு உறைத்துவிடும். விடுதியின் மின்னஞ்சலுக்கு ஒன்று அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டில் டெலிவரிச் சான்று கேட்டு இன்னொன்றும் போடுங்கள். அந்தச் சான்று கையில் இருந்தால் "கடிதமே வரவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

அவங்க திருப்பி, "நீங்கதான் ஈரத் துணியை உள்ள காயப்போட்டீங்க, சாம்பிராணி ஏத்தினீங்க"ன்னு சொன்னா?

சொல்வார்கள். எல்லா நேரமும் அது பொய்யும் இல்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிற குடும்பம் சொட்டச் சொட்ட நனைந்த வேட்டி, சேலையோடுதான் ரூமுக்குத் திரும்பும். நாலு பேர் துணியை ஜன்னல் கம்பியிலும் கட்டில் விளிம்பிலும் போட்டு ஏசியைப் போட்டால் எந்த ரூமிலும் ஈர வாடை வரும். மொட்டை மாடியில் கொடி இருக்கிறதா என்று கேட்டு அங்கே போடுங்கள்.

மேலே சொன்ன திருச்சிக்காரருக்கும் இதே பதில்தான் வந்தது. அவர் போட்டோ எடுத்தது தீர்த்தமாடப் போவதற்கு முந்தின நாள் மாலை. வாட்ஸ்அப்பில் நேரம் 4.20 என்று இருந்தது. அதோடு உப்புப் பூத்த சுவர் ஒரே ராத்திரியில் உண்டாகாது. இதைச் சொன்னதும் அந்த வாதம் நின்றது. சாம்பிராணிக்கும் அதேதான் பதில், ஏசி தகடில் மஞ்சள் கறை படிய மாசக்கணக்கு ஆகும். பத்தாவது நாள் மேனேஜரே கூப்பிட்டு, தங்காத இரவுக்கு முழுசும் தங்கிய இரவுக்கு 500உம் சேர்த்து 3,020 தருவதாகச் சொன்னார். இவர் ஒப்புக்கொண்டார். இன்னும் வாதாடியிருக்கலாம். அவருக்கு வேலை இருந்தது.

அது ஸ்மோக்கிங் ரூம்தான்னு இப்ப சொல்றாங்க. அப்படி ஒண்ணு இருக்கா?

30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்கள் புகைபிடிப்பவர்களுக்குத் தனி அறை ஒதுக்கலாம் என்று 2008இல் வந்த விதிகளில் இருக்கிறது. ஆனால் அவை எல்லாம் ஒரே பகுதியில், தனியாக இருக்க வேண்டும். வெளியில் எழுதி வைத்திருக்க வேண்டும், புகை வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். கதவில் அப்படி எழுதியிருக்கவில்லை என்றால் அந்தக் கதவைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பன்னிரண்டு ரூம் உள்ள லாட்ஜ் இப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு செல்லாது.

பக்கத்து ரூம்காரர் பிடிச்சாரு, புகை பாத்ரூம் வழியா வந்துச்சு. அதுக்கு ஓட்டல்காரர் என்ன பண்ணுவாரு?

இதில் முதல் பொறுப்பு ஓட்டலுக்கு இல்லை. நீங்கள் சொன்ன பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. உடனே போய்ச் சொல்லி நிறுத்தியிருந்தால் பணம் கேட்க இடமில்லை. சொல்லியும் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை தடவை எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதுங்கள்.

ஆப்ல புக் பண்ணேன். ஓட்டல்ல கேட்டா ஆப்ல கேளுங்கன்னு சொல்றாங்க, அங்க கேட்டா ஓட்டல்ல கேளுங்கங்கறாங்க.

அதே கடிதத்தை இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இருவர் பெயரும் மேலே தெரியட்டும். ஆன்லைன் நிறுவனங்களுக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் வருஷத்து மின்வணிக விதி. அவர் பெயரும் மின்னஞ்சலும் ஆப்பின் அடிப்பகுதியில் எங்காவது இருக்கும். அரட்டைப் பெட்டியில் மட்டும் புகார் சொல்லிவிட்டு விடாதீர்கள்.

பில்லுல "பணம் திருப்பித் தரப்படாது"ன்னு போட்டிருக்கே?

நீங்கள் வராமல் போனாலோ, மனசு மாறி ரத்து செய்தாலோதான் அந்த வரி. சரியில்லாத அறையைக் கொடுத்ததற்கு அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. முதல் பதிலில் சொன்ன சட்டமே அதற்கு மேல் நிற்கும். கடிதத்தில் "நான் ரத்து செய்யவில்லை, அறை தங்கத் தகுதியில்லாததால் வெளியேறினேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்த தடவை வந்தா 20 பர்சென்ட் தள்ளுபடின்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு வருகிறவர் என்றால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம். அமாவாசை நாளில் வாடகையே ஏறியிருக்கும், தள்ளுபடி அதில் கரைந்துபோகும். "நன்றி, எனக்குப் பணமாகவே வேண்டும்" என்று ஒரே வரியில் எழுத்தில் பதில் சொல்லுங்கள். போனில் "சரி பாக்கலாம்" என்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

"பணம் தரலேன்னா கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுடுவேன்"னு கடிதத்துல சேர்க்கவா?

சேர்க்காதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டார் என்று அவர்கள் திருப்பிவிட அந்த ஒரு வரி போதும். மதிப்புரை எழுதுவது உங்கள் உரிமை, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை, நீங்கள் எடுத்த படத்தோடு எழுதலாம். பணம் கிடைத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

15 நாள் ஆச்சு, பதிலே இல்ல. அடுத்து என்ன?

30 நாள் வரை பொறுங்கள். ஏன் 30 என்று முதல் பதிலில் இருக்கிறது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யலாம், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் போடலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். விடுதிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். சின்னத் தொகைகள் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதற்காக ராமநாதபுரம் வரை அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தும் போடலாம். ஆனால் சில மாசம் இழுக்கும், விசாரணைக்கு நாள் ஒதுக்க வேண்டியிருக்கும். 3,780 ரூபாய்க்கு அது வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். போவதாக இருந்தால் அம்மாவின் மருத்துவச் செலவு ரசீது ஏதும் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், அங்கே அதையும் சேர்த்துக் கேட்கலாம்.